ஸ்கேனில் வெளுத்துத் தெரியும் ஈரல்

*‘கிரேடு டூ ஃபேட்டி லிவர்’ என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்து என்ன?*

“மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... ம், விடுங்க.”

ஏசி குளிரில், அரை இருட்டில், வயிற்றில் ஜெல் தடவியபடி படுத்திருந்தார் என் மச்சான். வயது 46. மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு வாரமாக மேல்வயிற்றில் எரிச்சல். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று சந்தேகப்பட்டுத்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கல் இல்லை. ஆனால் ஸ்கேன் எடுத்த டாக்டரின் கை வலது விலாவுக்குக் கீழே வந்ததும் சற்று நின்றது. திரையில் இரண்டு உருவங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. ஒன்று கறுப்பும் சாம்பலுமாக இருந்தது, அது சிறுநீரகம். அதை ஒட்டி இருந்தது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அது ஈரல்.

பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் கைக்கு வந்தது. கடைசி வரியைப் படித்ததும் மச்சானுக்கு முகம் செத்துவிட்டது.

“மாப்ளே, கிரேடு டூன்னு போட்டிருக்கான். ரெண்டாவது ஸ்டேஜா? கேன்சருக்கெல்லாம் சொல்வாங்களே, அது மாதிரியா?”

வெளியே பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் கவரைத் தூக்கிக் காட்டினார். “பயப்படாதீங்க சார், எனக்கும் அதான். இப்ப எல்லாருக்கும் அதான் வருது. ஒண்ணும் பண்ணாது.”

ஃபேட்டி லிவர் என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு பக்கம் நிற்கிறார்கள். ஒருவர் புற்றுநோய் அளவுக்கு நடுங்குகிறார், மற்றவர் கவரை பீரோவில் போட்டுப் பூட்டிவிடுகிறார். இரண்டுமே தவறு. காரணமும் ஒன்றுதான். அந்தக் கிரேடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து விளக்குவதில்லை.

---

பெட்டிச் செய்தி: ரிப்போர்ட்டில் உள்ள ‘கிரேடு’

ஈரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்தால் அவை ஒலி அலைகளைச் சிதறடிக்கும். அதனால் திரையில் ஈரல் வெளுத்துத் தெரியும்.

கிரேடு 1: சிறுநீரகத்தைவிட ஈரல் சற்று வெளுப்பு.

கிரேடு 2: ஈரலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவர்கள் மங்கத் தொடங்கும்.

கிரேடு 3: ஈரலின் பின்பகுதியும் உதரவிதானமும் சரியாகத் தெரியாது.

நூறு ஈரல் செல்களில் ஐந்துக்கு மேல் கொழுப்பு இருந்தாலே அது கொழுப்பு ஈரல்தான். ஆனால் சாதாரண அல்ட்ராசவுண்டில் அது உறுதியாகத் தெரிய சுமார் 20 முதல் 30 சதவிகிதம் சேர வேண்டும். ஆகவே ‘கிரேடு 1’ என்பதும் அற்பமான அளவு அல்ல.

---

கொழுப்பு வேறு, தழும்பு வேறு

மறுநாள் குடல், ஈரல் நோய்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். “இது எவ்வளவு கொழுப்புன்னு சொல்லுது. எனக்கு அது முக்கியமில்லை. தழும்பு இருக்கான்னு தெரியணும்” என்றார்.

இதுதான் முழு விஷயத்துக்கும் சாவி. ஈரலில் சேர்ந்த கொழுப்பு கரையக்கூடியது. ஆனால் சிலருக்கு அந்தக் கொழுப்பு ஈரல் செல்களை உறுத்தி அழற்சியை உண்டாக்கும். காயம் ஆறிய இடத்தில் தோல் தடிப்பதைப் போல ஈரலுக்குள்ளும் நார்த்தழும்பு படியும். தழும்பை பூஜ்ஜியம் முதல் நான்கு வரை அளக்கிறார்கள். நான்கு என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாகிவிட்ட நிலை. பின்னாளில் யாருக்கு ஆபத்து என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பின் கிரேடு அல்ல, இந்தத் தழும்பின் நிலைதான். கிரேடு 3 கொழுப்போடு தழும்பே இல்லாதவர் இருக்கிறார். கிரேடு 1 போட்டிருக்கும், ஆனால் தழும்பு முற்றியிருக்கும் என்பவரும் இருக்கிறார். ஏனென்றால் சிரோசிஸ் முற்றும்போது ஈரலில் கொழுப்பே குறைந்துபோவதுண்டு.

தழும்பைக் கண்டுபிடிக்க அந்த மருத்துவர் முதலில் எழுதியது சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தான். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை. கூடவே மூன்று மாத சர்க்கரை அளவு, டிரைகிளிசரைடு, ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளுக்கான சோதனை. முதல் மூன்றோடு வயதைச் சேர்த்துப் போடும் கணக்குக்கு ‘ஃபிப்-4’ என்று பெயர்.

---

பெட்டிச் செய்தி: மச்சானின் ஃபிப்-4 கணக்கு

(வயது × எஸ்.ஜி.ஓ.டி.) ÷ (பிளேட்லெட் × எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம்)

பிளேட்லெட்டை ஆயிரங்களில் போட வேண்டும். 1.9 லட்சம் என்றால் 190.

வயது 46, எஸ்.ஜி.ஓ.டி. 54, எஸ்.ஜி.பி.டி. 72, பிளேட்லெட் 190.

46 × 54 = 2484. எழுபத்திரண்டின் வர்க்கமூலம் சுமார் 8.49. அதை 190 ஆல் பெருக்கினால் சுமார் 1612. வகுத்தால் 1.54.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் என்றால் உடனே ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அடுத்த சோதனை தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நம்பகமானதல்ல.

---

1.54 என்பது நடுவில் நிற்கும் எண். அதனால் மச்சானுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டுகிறார்கள். அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறார்கள். ஈரல் விறைத்திருந்தால் அதிர்வு வேகமாக ஓடும். வலியில்லை, ஊசியில்லை. சோதனைக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரலுக்குப் பாயும் ரத்தம் கூடி, இல்லாத விறைப்பு இருப்பதாகக் காட்டிவிடும். மச்சானின் எண் 7.1 கிலோபாஸ்கல். எட்டுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. பன்னிரண்டைத் தாண்டினால்தான் கவலை.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று வந்தால் ஈரல் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கொழுப்பும் தழும்பும் இருந்தும் அந்த எண் நார்மலாகவே இருப்பவர்கள் நிறைய. மற்றது இதற்கு நேர் எதிர். சோதனைக்கு முந்தின நாள் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கியவருக்கு ஈரலில் கோளாறே இல்லாமல் இந்த எண்கள் ஏறி வரலாம். தசையிலும் இந்த நொதிகள் இருப்பதுதான் காரணம். ரத்தம் கொடுப்பதற்கு முன் சில நாள் கடும் பயிற்சியை நிறுத்தினால் குழப்பம் வராது.

நெய்யா காரணம்?

“நான் நெய்யே ஊத்திக்கிறதில்லையே, பின்ன எப்படி ஈரல்ல கொழுப்பு?” என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி.

கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் ஈரலில் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. அதன்படி சுமார் 59 சதவிகிதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. சுமார் 26 சதவிகிதத்தை ஈரலே, பெரும்பாலும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு, தயாரித்தது. நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது சுமார் 15 சதவிகிதம் மட்டுமே.

இன்சுலினுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சாப்பிட்டதும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது. மற்றது, கொழுப்புத் திசு தன் சேமிப்பை அவிழ்த்துவிடாமல் பூட்டி வைப்பது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடக் கூட அந்தப் பூட்டு தளர்கிறது. கொழுப்பு ரத்தத்தில் கசிந்து ஈரலுக்கு வருகிறது. உடலோ இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின், ஈரலைப் பார்த்து ‘சர்க்கரையைக் கொழுப்பாக்கு’ என்று மட்டும் விடாமல் ஆணையிடுகிறது. ஒரே ஈரலுக்கு இரண்டு வழியாகவும் சரக்கு வந்து இறங்குகிறது.

எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டுச் சோறும் சீனியும் அப்படியே இருந்தால் பெரிய மாற்றம் வராமல் போவது இதனால்தான். நம் தமிழ்ச் சாப்பாட்டில் கொழுப்பைவிட மாவுச்சத்துதான் ஓங்கி நிற்கிறது. சென்னையில் நகரவாசிகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 32 சதவிகிதத்தினருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல். 2021-ல் இந்திய அரசு தன் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் இதையும் சேர்த்தது. 2023-ல் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள் நோயின் பெயரையே மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்துவிட்டன. ‘மது அருந்தாதவருக்கு வரும் ஈரல் கொழுப்பு’ என்று இல்லாததைக் கொண்டு அழைத்துவந்ததை விட்டு, எதனால் வருகிறது என்பதையே பெயராக வைத்தார்கள்.

கவனிக்காமல் விட்டால்

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன ‘ஒண்ணும் பண்ணாது’ என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிரோசிஸ் வரை போவதில்லை. தழும்பு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக, வெறும் கொழுப்பு மட்டும் இருப்பவர்களுக்குச் சராசரியாகப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அழற்சியும் சேர்ந்துவிட்டால் ஏழு ஆண்டுகள். இது சராசரிதான், சிலருக்கு வேகமாகவும் நகரும்.

ஆனால் அந்த ஆண்டுகளில் வலி இருக்காது. ஈரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் இல்லை. மேல்வயிற்று எரிச்சலுக்கும் மச்சானின் கொழுப்பு ஈரலுக்கும் சம்பந்தமே இல்லை. எரிச்சல் வயிற்றுப் புண் மாத்திரையில் போய்விட்டது, ஈரல் தற்செயலாகக் கண்ணில் பட்டது. சிரோசிஸ் முற்றிய பிறகுதான் உடல் வாய் திறக்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, கால் வீங்குவது, கண் மஞ்சளாவது, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கறுத்துப் போவது, பகலில் தூங்கி இரவில் புத்தி தடுமாறுவது எல்லாம் அப்போது வருபவை. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிரோசிஸ் வந்த ஈரலில் புற்றுநோய் உருவாகும் அபாயமும் உண்டு. அதனால் அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது ஈரல் நோய் அல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்தான். வெளுத்த ஈரல் என்பது உடம்புக்குள் இன்சுலினின் பிடி தளர்ந்துவிட்டது என்பதற்கான புகைப்படம். மச்சானின் மற்ற எண்களும் அதையே சொன்னன. மூன்று மாத சர்க்கரை 6.0, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு 218. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. ஈரலைக் கவனித்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கோட்டைவிட்டால், முக்கால் நோயைக் கோட்டைவிட்ட மாதிரி.

ஐந்து, ஏழு, பத்து

மச்சானின் உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. மருத்துவர் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக் கொடுத்தார். ஐந்து சதவிகிதம், அதாவது நான்கு கிலோ குறைந்தால் ஈரல் கொழுப்பு கண்கூடாக இறங்கும். ஏழு சதவிகிதம், அதாவது ஐந்தரை கிலோ குறைந்தால் அழற்சி அடங்க நல்ல வாய்ப்பு. பத்து சதவிகிதம், ஏறத்தாழ எட்டு கிலோ குறைந்தால் தழும்புகூடப் பின்வாங்கலாம். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படிக்கட்டைத் தெளிவாகக் காட்டியது. ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது.

அவசரம் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். வாரத்துக்கு அரை கிலோ போதும். பட்டினி கிடந்து வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறக்கினால் ஈரல் அழற்சி கூடவும் செய்யலாம், பித்தப்பையில் கல்லும் வரலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

அக்காவின் சமையலறைக் கணக்கு

தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அக்கா செய்த முதல் வேலை, சீனி டப்பாவை எடுத்து மேஜையில் வைத்ததுதான்.

“உங்க மச்சான் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறாரு தெரியுமா? வீட்ல ரெண்டு, கடையில மூணு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்.”

ஒரு ஸ்பூன் சீனி ஐந்து கிராம். ஐந்து டம்ளருக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரை கிலோ. எந்தப் பலகாரமும் சேராமல், காபி, டீயில் மட்டும் இவ்வளவு. சொல்லக் கேட்டபோது மச்சானே நம்பவில்லை. அக்கா தராசில் நிறுத்துக் காட்டினாள்.

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாப் பாகமும் பயன்படுத்திக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பகுதியோ ஈரலுக்குத்தான் போகிறது, அங்கே எளிதில் கொழுப்பாகிவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவானாலும் ஈரலைப் பொறுத்தவரை கதை ஏறத்தாழ ஒன்றுதான். ‘சீனியை நிறுத்தி வெல்லத்துக்கு மாறிட்டேன்’ என்று சொல்பவர்களிடம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 300 மில்லி கலர் பாட்டிலில் சுமார் 30 கிராம் சீனி இருக்கும். ஜூஸ் கடையில் பிழிந்து தரும் சாத்துக்குடியும் அந்த வகைதான். மூன்று நான்கு பழங்களின் இனிப்பு, சக்கையில்லாமல், இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பழத்தை உரித்து மென்று தின்றால் ஒன்றோடு நிறுத்திவிடுவோம்.

மச்சான் ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு வாரம் ஒரு ஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் அரை, பிறகு சீனியே இல்லை. கடைப் பையனிடம் ‘சீனி இல்லாம’ என்று சொல்ல முதலில் கூச்சப்பட்டார். ஃபில்டர் காபியை விடவில்லை, விட வேண்டியதும் இல்லை. தினமும் இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். காபிதான் காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. சீனி போட்டால் அந்த லாபம் அப்போதே போய்விடும்.

அடுத்தது சோறு. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை போட்டுக்கொள்வார். அளந்து பார்த்தால் மூன்று கப் சோறு, ஏறத்தாழ 600 கலோரி. தொட்டுக்கொள்ள இரண்டு ஸ்பூன் பொரியல். அக்கா தட்டைத் தலைகீழாக்கினாள். முதலில் தட்டில் பாதிக்குக் காய், கீரை. பிறகு சுண்டலோ முட்டையோ மீனோ. அதன் பிறகே சோறு, மொத்தமாக ஒன்றரை கப். அந்த ஒன்றரைக் கப்பையே மூன்றாகப் பிரித்து, சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் வைத்துக்கொண்டார். மூன்று சுற்று என்ற சம்பிரதாயம் அப்படியே இருந்தது, அளவு மட்டும் பாதியானது. எனக்குத் தெரிந்து இந்த யோசனைதான் அவரை நிலைக்க வைத்தது.

சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே என்று நினைக்கிறோம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு கொஞ்சமே, மீதி புளித் தண்ணீர். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 14 கிராம். புரதமும் நாரும் கூடினால் பசி அடங்கும். சோற்றைக் குறைத்ததால் எழும் நான்கு மணிப் பசியும், அதைத் தேடி வரும் பஜ்ஜியும் அப்போது தானாக விலகும். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை பஜ்ஜிக்குப் பதிலாக வந்தது. எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று அக்கா அளந்துவிட்டாள். செக்கில் ஆட்டியது என்றாலும் கலோரி ஒன்றுதான்.

சிறுதானியத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தினை, சாமை, கம்பில் வெள்ளை அரிசியைவிட நார் அதிகம், மெல்லவும் நேரமாகும். அது நல்லது. ஆனால் அவையும் மாவுச்சத்துதான். மூன்று கப் சோற்றுக்குப் பதிலாக மூன்று கப் தினைச் சோறு சாப்பிட்டால் ஈரலுக்குப் பெரிய விடுதலை கிடைக்காது. அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் இன்னும் சீக்கிரம் சர்க்கரை ஏறும்.

இரவு பத்து மணிக்குக் கடை அடைத்துவிட்டு வழியில் பரோட்டா சாப்பிடுவது மச்சானின் நீண்ட காலப் பழக்கம். அதை விடுவதுதான் மிகவும் சிரமமாக இருந்தது. எட்டு மணிக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் கடைக்கு வரத் தொடங்கியது. வாரம் ஒரு பரோட்டாவை மருத்துவரிடம் கேட்டே வாங்கிக்கொண்டார்.

தெப்பக்குளத்தைச் சுற்றி

நடைப்பயிற்சி என்றதும் எடை குறைக்கத்தான் என்று நினைக்கிறோம். எடை துளியும் இறங்காவிட்டாலும் உடற்பயிற்சியால் ஈரல் கொழுப்பு குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்ட மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கிடங்கு தசை. நாள் முழுக்க கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கிடங்கு எப்போதும் நிறைந்தே கிடக்கும். புதிதாக வரும் சரக்கு ஈரலுக்குத்தான் திரும்பும். நடந்து, தசையில் உள்ள இருப்பைக் காலி செய்தால் அடுத்த வேளைச் சாப்பாடு அங்கே போய்ச் சேரும்.

மச்சான் தேர்ந்தெடுத்தது மாரியம்மன் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் வாரம் ஒரு சுற்று, மூன்றாவது வாரம் இரண்டு, பிறகு மூன்று. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணிக்குக் குறையாமல். மொத்தம் குறைந்தது 150 நிமிடம். வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சொன்ன இதய அபாயத்தை மறக்க முடியாது.

நடையோடு தசைப் பயிற்சியும் வேண்டும். கடையில் கிடந்த மர நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, கொஞ்சம் இளைப்பாறி மறுபடி பத்து, மறுபடி பத்து. வாரத்துக்கு மூன்று நாள். உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களுக்கு இதையே உயரமான நாற்காலியில் செய்யச் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கடை வீதியில் ஒரு நடை போட்டதும் அவருக்கு உதவியது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம் அதுதான்.

கீழாநெல்லியும் ஞாயிற்றுக்கிழமையும்

ரிப்போர்ட் செய்தி பரவியதும் சொந்தக்காரர் ஒருவர் கீழாநெல்லிச் சாறோடு வந்தார். இன்னொருவர் ஆன்லைனில் ‘லிவர் டீடாக்ஸ்’ பொடி வாங்கிக் கொடுத்தார். மருத்துவர் இரண்டையும் வேண்டாம் என்றார். கீழாநெல்லி நம் ஊரில் மஞ்சள்காமாலைக்குப் பேர்போனது, ஆனால் ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாது. மூலிகை என்று நம்பிச் சாப்பிட்ட பொருட்களால் ஈரல் அழற்சி வந்து சேர்ந்தவர்களை ஈரல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், சித்த மருந்தானாலும், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ‘கொஞ்சமா’ குடிப்பதைப் பற்றி மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார். கொழுப்பு சேர்ந்த ஈரலுக்கு மது இரண்டாவது அடி, அழற்சியையும் தழும்பையும் வேகப்படுத்தும், நிறுத்துவதே நல்லது என்று மருத்துவர் சொன்னார். மச்சான் நிறுத்தினார்.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. இந்தியாவில் சாரோகிளிட்டசார் என்ற மாத்திரைக்கு இந்த நோய்க்காக 2020-ல் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோமுக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளூட்டைடுக்கும் அனுமதி வழங்கினார்கள். அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த இரண்டும் அழற்சியோடு இரண்டாம், மூன்றாம் நிலைத் தழும்பு உள்ளவர்களுக்கானவை. அவர்களும் உணவையும் நடையையும் கைவிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். ஸ்கேனில் கிரேடு பார்த்துவிட்டு மருந்துக்கடையில் தானாக ‘லிவர் மாத்திரை’ வாங்குவதில் பயனில்லை.

ஏழு மாதம் கழித்து

முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. பிறகு ஐந்து வாரம் தராசு முள் அசையவே இல்லை. மச்சானுக்குச் சலிப்பு வந்துவிட்டது. அப்போது இடுப்பை அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. எடை நின்றாலும் வயிற்றுக் கொழுப்பு போய்க்கொண்டிருந்தது. தீபாவளி மாதத்தில் ஒரு கிலோ ஏறியது, மறுபடி இறங்கியது. வாரத்துக்கு அரை கிலோ என்ற காகிதக் கணக்குப்படி ஏழு மாதத்தில் பதினைந்து கிலோ போயிருக்க வேண்டும். போனது ஆறு. 78 இப்போது 72, அதாவது ஏழரை சதவிகிதத்துக்குச் சற்று மேல். மருத்துவர் கேட்ட ஏழைத் தாண்டிவிட்டது.

எஸ்.ஜி.பி.டி. 72-லிருந்து 39, எஸ்.ஜி.ஓ.டி. 54-லிருந்து 33. மூன்று மாத சர்க்கரை 5.7. இதற்கிடையில் வயது 47, பிளேட்லெட் 1.95 லட்சம். ஃபிப்-4 கணக்கைப் போட்டால் 1.27. இடுப்பு 91.

“இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?” என்று கேட்டார் மச்சான்.

“இப்ப வேணாம். கிரேடு அப்படியே இருக்கலாம், நீங்க சோர்ந்துடுவீங்க. நார்மல்னு வந்தா கொழுப்பு முழுசாப் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவீங்க. அதுவும் சரியில்ல. வருஷம் முடிஞ்சதும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்போம்.”

சொல்லிவிட்டு, துணைக்கு வந்திருந்த அக்காவைப் பார்த்தார். ஒல்லியான உடம்பு, எடை 55 கிலோதான். டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 86. ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது நம் ஊரில் சகஜம், அவர்களுக்கு மூன்று முதல் ஐந்து சதவிகிதம் எடை குறைந்தாலே பலன் தெரியும் என்றார். அக்காவின் அம்மாவுக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு, இருபது வருடமாக சர்க்கரை.

“நீங்க என்னிக்கும்மா கடைசியா ரத்தம் டெஸ்ட் பண்ணீங்க?”

அக்கா யோசித்தாள். “சின்னவன் பொறந்தப்ப.”

சின்னவனுக்குப் பதினான்கு வயது. மருத்துவர் இன்னொரு சீட்டை எடுத்து, மேலே அக்காவின் பெயரை எழுதத் தொடங்கினார்.